காலிப்ரேஷன் கோட்டிலிருந்து எல்.ஓ.டி., எல்.ஓ.க்யூ. கணக்கிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பாராசிட்டமால் மாத்திரையில் 4-அமினோபீனால் என்ற மாசை எச்.பி.எல்.சி.யில் அளக்கும் முறை ஒன்றை வேலிடேட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லீனியாரிட்டிக்காக 0.5 முதல் 10 மைக்ரோகிராம்/மி.லி. வரை ஒரு கோடு போட்டாயிற்று. ஒட்டுறவுக் கெழு 0.9999. அதே கோட்டின் எண்களை வாய்பாட்டில் போட்டால், நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவான எல்.ஓ.க்யூ. 0.59 என்று வருகிறது. தேவையோ 0.5-க்குள். முறை தேறவில்லை என்று தோன்றுகிறது.

அதே கருவியில், அதே பிரிப்புக் குழாயில், 0.05 முதல் 0.30 வரை இன்னொரு கோடு போடுகிறீர்கள். இப்போது ஒட்டுறவுக் கெழு 0.996தான். ஆனால் எல்.ஓ.க்யூ. 0.094. ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வாய்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்தக் கோட்டை அதனிடம் கொடுத்தோம் என்பது மட்டுமே மாறியது.

எல்.ஓ.டி. என்ற கண்டறிதல் எல்லையும் எல்.ஓ.க்யூ. என்ற அளவிடல் எல்லையும் தவறாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே இந்த ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து அறிக்கை வரை நடந்து பார்ப்போம். கீழே வரும் பீக் பரப்புகள் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. கணக்குகளை நீங்களே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

## வாய்பாடு உண்மையில் என்ன சொல்கிறது

மருந்துத் தர விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.-இன் க்யூ2 வழிகாட்டுதல் தரும் வாய்பாடுகள் இரண்டு:

```
LOD = 3.3 σ / S
LOQ = 10 σ / S
```

S என்பது கோட்டின் சாய்வு; செறிவு ஓர் அலகு கூடினால் பீக் பரப்பு எவ்வளவு கூடுகிறது என்பது. σ என்பது பரப்பில் காணும் சிதறலின் திட்ட விலக்கம். σ-வை S-ஆல் வகுத்தால், பரப்பில் இருந்த சிதறல் செறிவின் அலகுக்கு மாறிவிடுகிறது. இந்த σ/S என்ற ஒற்றை எண்ணை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன் மடங்குகள்.

3.3 எங்கிருந்து வந்தது? பொருளே இல்லாத கரைசலை ஊசியேற்றினாலும் சில சமயம் இரைச்சலே பீக் போலத் தெரியும். அப்படி ஏமாறும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் நிறுத்த, சுழியிலிருந்து 1.645 சிதறல் தூரத்தில் ஒரு தீர்மானக் கோடு போடுகிறோம். பொருள் உண்மையிலேயே இருந்தும் அதைத் தவறவிடும் வாய்ப்பையும் 5 சதவீதத்துக்குள் நிறுத்த, அந்தத் தீர்மானக் கோட்டிலிருந்து இன்னொரு 1.645 தள்ளிப்போக வேண்டும். இரண்டையும் கூட்டினால் 3.29. லாய்ட் கரி 1968-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டிய தர்க்கம் இது. 10 என்பது இன்னும் எளிது: செறிவு, சிதறலைப் போலப் பத்து மடங்கு இருந்தால், அந்த அளவீட்டின் ஒப்புத் திட்ட விலக்கம் சுமார் 10 சதவீதம்.

இந்தத் தர்க்கம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: σ என்பது சுழிக்கு அருகே, எல்லை இருக்கும் இடத்தில், காணப்படும் சிதறல். வேறு எங்கோ அளந்த சிதறலைக் கொண்டுவந்து போட்டால் 3.3-க்கும் 10-க்கும் அர்த்தமில்லை.

## அகலக் கோடு ஏன் ஏமாற்றுகிறது

முதல் கோட்டின் எண்கள் இவை. அளந்த பரப்பிலிருந்து கோடு சொல்லும் பரப்பைக் கழித்தால் வருவதுதான் எச்சம்:

| செறிவு (மைக்ரோகிராம்/மி.லி.) | பீக் பரப்பு | எச்சம் |
|---|---|---|
| 0.5 | 10200 | +98 |
| 1.0 | 20100 | +54 |
| 2.5 | 49400 | −480 |
| 5.0 | 100900 | +1298 |
| 7.5 | 147600 | −1724 |
| 10.0 | 199800 | +754 |

சாய்வு 19889. எச்சங்களின் திட்ட விலக்கம் 1169. அப்படியானால் எல்.ஓ.டி. 0.19, எல்.ஓ.க்யூ. 0.59.

எச்சம் என்ற கடைசி நெடுவரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழே இரண்டு புள்ளிகளில் எச்சம் நூறுக்குள் நிற்கிறது. மேலே போகப் போக ஆயிரத்தைத் தாண்டுகிறது. 1169 என்ற சிதறலைக் கிட்டத்தட்ட முழுவதும் உண்டாக்கியவை 5, 7.5, 10 ஆகிய மூன்று புள்ளிகள்தான். 10-இல் பரப்பு இரண்டு லட்சம். அதில் ஒரு சதவீதப் பிழை வந்தாலே 2000. நீர்த்தல், ஊசியேற்றும் கன அளவு ஆகியவற்றின் பிழைகள் சதவீதமாகவே வருவதால், செறிவோடு சேர்ந்து அவையும் வளர்கின்றன. அந்த மேல்தட்டுப் பிழையை எடுத்துச் சுழிக்கு அருகே இருக்கும் எல்லையைக் கணக்கிட்டால், கருவியின் திறமைக்குச் சம்பந்தமே இல்லாத எண் வரும்.

0.9999 என்ற ஒட்டுறவுக் கெழு இங்கே எந்த உதவியும் செய்யாது. அகலமான கோட்டில் மேல்புள்ளிகள் இரண்டு முனைகளையும் வெகுதூரம் இழுத்துப் பிடிப்பதால் கெழு தானாகவே 1-ஐ நெருங்கும்.

இந்தப் பிழை எப்போதும் எல்லையை உயர்த்தித்தான் காட்டும் என்றில்லை. மேல்புள்ளிகள் தற்செயலாகக் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்துவிட்டால் எல்லை நம்ப முடியாத அளவு தாழ்ந்தும் வரும். மேல்தட்டுப் பிழைக்கும் கீழ்த்தட்டு இரைச்சலுக்கும் தொடர்பு இல்லை என்பதே விஷயம். கண்டறிதல் எல்லையின் அருகே உள்ள செறிவுகளைக் கொண்டு தனியாக ஒரு கோடு போட வேண்டும் என்று ஐ.சி.எச். சொல்வது இதனால்தான். லீனியாரிட்டிக் கோட்டையே இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. நேரம் மிச்சமாகலாம், ஆனால் வரும் எண்ணை நம்ப முடியாது.

## படி 1: எந்த எண்ணை எட்ட வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

முடிந்த அளவு தாழ்வான எல்லையைக் காட்டுவது குறிக்கோள் இல்லை. தேவையான இடத்தில் நம்பி அளக்க முடிகிறதா என்பதே கேள்வி.

பாராசிட்டமாலின் அதிகபட்ச தினசரி அளவு பெரியவர்களுக்கு 4 கிராம். ஒரு கிராமுக்கு மேல் தினசரி அளவுள்ள மருந்துகளில், சிதைவுப் பொருட்களை 0.05 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அறிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது ஐ.சி.எச். க்யூ3பி. பாராசிட்டமால் நீராற்பகுப்படைந்தால் வருவது 4-அமினோபீனால்; ஆகவே இந்த வரம்பு இதற்குப் பொருந்தும். மாத்திரைக் கரைசலை மி.லி.க்கு 1 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும்படி தயாரித்தால், 0.05 சதவீதம் என்பது 0.5 மைக்ரோகிராம்/மி.லி. நம் எல்.ஓ.க்யூ. இதற்குக் கீழே, கொஞ்சம் இடைவெளியோடு நிற்க வேண்டும்.

இனி அலகைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. செறிவு எல்லாம் மைக்ரோகிராம்/மி.லி.யில்தான்.

## படி 2: கோட்டின் வீச்சைத் தேர்ந்தெடுங்கள்

எல்லை எங்கே இருக்கும் என்று தெரிந்தால்தானே அதன் அருகே கோடு போட முடியும்? அதற்கு ஒரு முன்னோட்டம் போதும். 0.5 செறிவில் ஒரு ஸ்டாண்டர்ட் கரைசலை ஊசியேற்றி, பீக் உயரத்துக்கும் அடிக்கோட்டு இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். அது சுமார் 50 வந்தால், விகிதம் 10 ஆக இருக்கும் செறிவு ஏறத்தாழ 0.1, விகிதம் 3 ஆக இருக்கும் செறிவு ஏறத்தாழ 0.03. இவை முதல் மதிப்பீடுகள்.

இப்போது கோட்டின் உச்சப் புள்ளி எதிர்பார்க்கும் எல்.ஓ.டி.யைப் போலப் பத்து மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 0.3. அடிப்புள்ளி எல்.ஓ.க்யூ.வுக்குக் கீழே இருக்கட்டும்; இங்கே 0.05. நடுவே சம இடைவெளியில் 0.10, 0.15, 0.20, 0.25. மொத்தம் ஆறு புள்ளிகள். கணக்குப் போட்ட பிறகு எல்.ஓ.க்யூ. இந்த வீச்சுக்கு வெளியே விழுந்தால், வீச்சை நகர்த்தி இன்னொரு முறை கோடு போட வேண்டும்.

## படி 3: கரைசல்கள்

10 மி.கி. 4-அமினோபீனாலை 100 மி.லி. அளவுக் குடுவையில் கரைத்தால் செறிவு 100. அதில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் செறிவு 1. இந்த இடைநிலைக் கரைசலில் இருந்து 0.5, 1, 1.5, 2, 2.5, 3 மி.லி. என்று ஒவ்வொன்றையும் தனித்தனி 10 மி.லி. குடுவையில் எடுத்து நிரப்புங்கள். 0.30-ஐ நீர்த்து 0.15, அதை நீர்த்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகாதீர்கள். ஒரு குடுவையில் நேர்ந்த பிழை அதன் கீழுள்ள எல்லாப் புள்ளிகளிலும் ஒரே திசையில் ஏறிவிடும். எச்சம் சிறிதாகத் தெரியும், சாய்வு மட்டும் தவறாக இருக்கும்.

இந்தப் பொருளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 4-அமினோபீனால் கரைசலில் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறும். செறிவு குறைந்த கரைசலில் இந்த இழப்பு சதவீதக் கணக்கில் பெரிதாக உறைக்கும். அன்றன்று தயாரியுங்கள், ஆட்டோசாம்ப்ளரைக் குளிர்ச்சியாக வையுங்கள், 0.05 கரைசலை வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊசியேற்றுங்கள். முடிவில் பரப்பு சிதறலின் அளவை மீறிக் குறைந்திருந்தால், நீங்கள் அளந்தது கருவியின் இரைச்சலை மட்டும் அல்ல, கரைசல் கெட்டுப்போவதையும் சேர்த்துத்தான். சுழிச் செறிவில் கோடு காட்டும் பரப்பான வெட்டுத்துண்டு தெளிவாக எதிர்மறையாக வருவதும் இதற்கு ஓர் அறிகுறி.

## படி 4: ஊசியேற்றலும் இன்டகிரேஷனும்

செறிவு ஏறும் வரிசையிலேயே ஊசியேற்றாமல் கலைத்துப் போடுங்கள். வரிசையாகப் போனால், கருவியில் மெல்ல நேரும் நகர்வு செறிவின் விளைவு போல வேடமிட்டு சாய்வுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்டகிரேஷன்தான் இந்த வேலையின் மென்மையான இடம். 0.05-இல் பரப்பு ஆயிரத்துச் சொச்சம்தான். அடிக்கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் ஒரு நூலிழை மாறினாலும் நூறு, இருநூறு பரப்பு கூடும் குறையும். 4-அமினோபீனால் ரிவர்ஸ்டு பேஸ் பிரிப்புக் குழாயில் பாராசிட்டமாலுக்கு முன்பே வெளிவரும் துருவத்தன்மை மிகுந்த பொருள். பல முறைகளில் கரைப்பான் முகப்புக்கு அருகே, அடிக்கோடு இன்னும் சமனாகாத இடத்தில் வந்து விழும். எனவே இன்டகிரேஷன் அளவுருக்களை முதலில் 0.05 கரைசலிலும், பொருளே இல்லாத கரைசலான பிளாங்க்கிலும் வைத்துப் பார்த்து முடிவு செய்து, அதன்பின் எல்லா குரோமட்டோகிராமுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பீக்கையும் கையால் 'சரிசெய்தால்' σ உங்கள் கண்ணின் விருப்பத்தைத்தான் காட்டும். தணிக்கைக்கு வருபவர் ஆடிட் ட்ரெயிலைத் திறந்தால் முதலில் கேட்பதும் இதைத்தான்.

பிளாங்க்கின் திட்ட விலக்கத்தையே ஏன் நேரடியாக σ-வாக எடுக்கக் கூடாது என்று கேட்கலாம். ஐ.சி.எச். அதையும் அனுமதிக்கிறது. நிறமாலைமானி போலப் பிளாங்க்கும் ஓர் எண்ணைத் தரும் கருவிகளில் அது நன்றாக வேலை செய்யும். குரோமட்டோகிராபியில் பிளாங்க்கில் பீக் இல்லாவிட்டால் மென்பொருள் பரப்பே தராது. பத்து பிளாங்க், பத்து சுழி. திட்ட விலக்கமும் சுழி. அதனால்தான் இங்கே கோட்டின் வழியே போகிறோம்.

## படி 5: கணக்கு

| செறிவு | பீக் பரப்பு | கோடு சொல்வது | எச்சம் |
|---|---|---|---|
| 0.05 | 1300 | 1191 | +109 |
| 0.10 | 2040 | 2179 | −139 |
| 0.15 | 2990 | 3168 | −178 |
| 0.20 | 4370 | 4156 | +214 |
| 0.25 | 5260 | 5144 | +116 |
| 0.30 | 6010 | 6132 | −122 |

சாய்வு 19766, வெட்டுத்துண்டு 203. எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் சுமார் 137080. அதை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 185. இதுதான் σ.

ஏன் 4? புள்ளிகள் ஆறு, சாய்வு, வெட்டுத்துண்டு என இரண்டை அந்தத் தரவிலிருந்தே கணக்கிட்டுவிட்டோம், மீதி நான்கு. எச்சங்களைத் தேர்ந்தெடுத்து எக்செல்லில் சாதாரணத் திட்ட விலக்கம் போட்டால் அது 5-ஆல் வகுத்து 166 என்று தரும். எல்லை பத்து சதவீதம் போலக் குறைந்து தெரியும். எக்செல்லில் இதற்கென்றே ஒரு பங்ஷன் இருக்கிறது. செறிவு A2:A7-இலும் பரப்பு B2:B7-இலும் இருந்தால்:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=STEYX(B2:B7,A2:A7)
=3.3*STEYX(B2:B7,A2:A7)/SLOPE(B2:B7,A2:A7)
=10*STEYX(B2:B7,A2:A7)/SLOPE(B2:B7,A2:A7)
```

பரப்பு முதலில், செறிவு இரண்டாவது. மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் தவறாக வரும்.

σ/S = 185 / 19766 = 0.0094. அதனால் எல்.ஓ.டி. 0.031, எல்.ஓ.க்யூ. 0.094. மாத்திரையின் கணக்கில் எல்.ஓ.க்யூ. 0.0094 சதவீதம்; தேவையான 0.05 சதவீதத்தைவிட ஐந்து மடங்கு கீழே.

எண்ணை எழுதிவைக்கும் முன் எச்சங்களைச் செறிவுக்கு எதிரே வரைந்து பாருங்கள். குறிகள் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வருகின்றன, அளவும் ஒரு முனையில் பெருக்கவில்லை; நல்லது. இரு முனைகளிலும் எதிர்க்குறி, நடுவே நேர்க்குறி என்று வில் போல வளைந்திருந்தால் கோடே பொருந்தவில்லை என்று பொருள். அப்போது σ-வில் இரைச்சலோடு வளைவும் கலந்திருக்கும். இந்தச் சிறிய வீச்சிலேயும் எச்சங்கள் செறிவோடு விசிறி போல விரிந்தால், வீச்சை இன்னும் சுருக்குங்கள்.

## வெட்டுத்துண்டின் பிழையை σ-வாக எடுக்கலாமா

எச்சங்களின் திட்ட விலக்கத்துக்குப் பதிலாக, பல கோடுகளின் வெட்டுத்துண்டுகளுக்கு இடையே உள்ள திட்ட விலக்கத்தையும் σ-வாக எடுக்கலாம் என்கிறது ஐ.சி.எச். 'பல கோடுகளின்' என்பது முக்கியம். ஆறு கோடு தனித்தனியாகப் போட்டு, ஆறு வெட்டுத்துண்டுகளின் திட்ட விலக்கத்தை எடுப்பது என்று அர்த்தம். மூன்றே மூன்று கோடு வைத்து இதைச் செய்தால் அந்தத் திட்ட விலக்கத்தையே நம்ப முடியாது.

நடைமுறையில் பலர் செய்வது வேறு. ஒரே ஒரு கோடு போட்டு, எக்செல்லின் ரிக்ரெஷன் அட்டவணையில் வெட்டுத்துண்டுக்கு நேரே இருக்கும் திட்டப்பிழையை எடுத்து வாய்பாட்டில் போடுகிறார்கள். நம் தரவில் அது 172. எச்சத்தின் 185-க்கு அருகே இருப்பதால் கண்ணுக்குத் தவறாகப் படாது. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அளவீடு செய்து பதினெட்டுப் புள்ளிகளோடு கோடு போட்டால், இரைச்சல் அதே 185 ஆக இருந்தாலும் வெட்டுத்துண்டின் திட்டப்பிழை சுமார் 99-க்கு இறங்கிவிடும். எல்.ஓ.டி. 0.031-இலிருந்து 0.017 ஆகிவிடும். கருவி மாறவில்லை, பீக் மாறவில்லை. அதிகமாக ஊசியேற்றியதற்கே கண்டறிதல் எல்லை பாதியானது போலத் தெரிகிறது. கோட்டின் இடம் எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் அது. ஒற்றை ஊசியேற்றலின் சிதறலைச் சொல்லும் எண் அல்ல. மாத்திரை மாதிரியை நீங்கள் நாளை அளக்கப்போவது ஒற்றை ஊசியேற்றலில்தான். எனவே ஒரே கோடு கையில் இருந்தால் எச்சத்தின் திட்ட விலக்கத்தையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

## படி 6: வந்த எண்ணில் எவ்வளவு நிச்சயம்

ஆறு புள்ளிக் கோட்டில் σ-வுக்கு நான்கு கட்டின்மைப் படிகள் மட்டுமே. அப்படிக் கிடைத்த திட்ட விலக்கத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதன் 0.6 மடங்கில் தொடங்கி 2.87 மடங்கு வரை நீள்கிறது. அதாவது நாம் 0.031 என்று எழுதிய எல்.ஓ.டி. உண்மையில் 0.019 முதல் 0.089 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைப் பார்த்த பிறகு 0.03091 என்று ஐந்து இலக்கத்தில் எழுத யாருக்கும் கை வராது.

இதைச் சுருக்க வழி, கோட்டை மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு முறையும் புதிதாக எடைபோட்டுத் தயாரித்த கரைசல்களோடு, போடுவது. மூன்று கோடுகளின் எச்ச வர்க்கங்களைக் கூட்டி மொத்தம் 12-ஆல் வகுத்தால் ஒருங்கிணைந்த σ கிடைக்கும். அப்போது இடைவெளி 0.72 முதல் 1.65 மடங்குக்குள் வந்துவிடும். ஒரே வயலிலிருந்து மூன்று முறை ஊசியேற்றுவது இதற்கு ஈடாகாது. அதில் தயாரிப்பின் சிதறல் இல்லவே இல்லை.

## படி 7: கணக்கில் வந்ததைக் கரைசலில் சோதியுங்கள்

கோட்டிலிருந்து வந்த எல்லை ஒரு மதிப்பீடுதான். எல்லையிலோ அதன் அருகிலோ உள்ள மாதிரிகளைத் தயாரித்து அதை உறுதிப்படுத்த வேண்டும் என்று ஐ.சி.எச். தெளிவாகவே சொல்கிறது. பல அறிக்கைகளில் இல்லாமல் போவதும் இந்தப் பகுதிதான்.

0.094-ஐ 0.10 என்று மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்வோம். இதுவரை எல்லாக் கரைசலும் வெறும் டைலூயன்ட்டில். உண்மையான மாதிரியில் ஆயிரம் மைக்ரோகிராம் பாராசிட்டமாலும் மாத்திரையின் துணைப்பொருட்களும் கூடவே இருக்கும். எனவே உறுதிப்படுத்தலை மாதிரிக் கரைசலில் 4-அமினோபீனாலைத் தெரிந்த அளவில் சேர்த்து, அதாவது ஸ்பைக் செய்துதான் நடத்த வேண்டும். இங்கே கவனம் தேவை: பாராசிட்டமால் மூலப்பொருளிலேயே 4-அமினோபீனால் கொஞ்சம் இருக்கும். ஐரோப்பிய மருந்துநூல் அதில் 50 பி.பி.எம். வரை அனுமதிக்கிறது, நம் கரைசலில் அது 0.05. நீங்கள் சேர்க்கும் 0.10-இல் பாதி! ஸ்பைக் செய்யாத கரைசலையும் அளந்து கழிக்காவிட்டால், சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதைச் சொல்லும் மீட்பு 150 சதவீதம் என்று வந்து திகைக்க வைக்கும். கழித்தாலும் இரண்டு அளவீடுகளின் சிதறலும் சேர்ந்துகொள்ளும் என்பதால், 4-அமினோபீனால் மிகக் குறைவாக உள்ள பேட்ச்சைத் தேடி எடுப்பது நல்லது.

ஆறு தனித்தனித் தயாரிப்புகளில் கிடைத்தவை, இயல்பிருப்பைக் கழித்த பின்: 0.093, 0.108, 0.101, 0.088, 0.104, 0.112. சராசரி 0.101, மீட்பு 101 சதவீதம். திட்ட விலக்கம் 0.0091, ஒப்புத் திட்ட விலக்கம் 9 சதவீதம்.

இந்த 0.0091-ஐ மேலே கோட்டிலிருந்து வந்த σ/S ஆன 0.0094-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு முன்கூட்டிச் சொன்ன சிதறலே, வேறு கரைசலில், பாராசிட்டமால் நடுவிலும் வந்திருக்கிறது. இதுதான் உறுதிப்படுத்தல். இங்கே 25 சதவீதம் வந்திருந்தால் கோட்டின் σ மாதிரிக்குப் பொருந்தவில்லை. பக்கத்துப் பீக்கின் குறுக்கீடா, ஸ்பைக் செய்த பொருள் ஆக்சிஜனேற்றம் அடைகிறதா என்று தேட வேண்டும். அகலக் கோட்டின் 0.59-ஐ நம்பியிருந்தால் 0.10-இல் சிதறல் 59 சதவீதம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதே அந்த எண் தவறு என்பதற்குச் சான்று.

எல்.ஓ.டி.க்குச் சோதனை வேறு மாதிரி. அங்கே துல்லியத்தைப் பார்க்கக் கூடாது. 0.03 கரைசலைப் பல முறை ஊசியேற்றினால் கணக்கிட்ட செறிவு பாதி முறை 0.03-க்குக் கீழேதான் வரும், அது இயல்பு. கேட்க வேண்டிய கேள்வி, பீக் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்: பிளாங்க்கிலிருந்து அதைப் பிரித்தறிய முடிகிறதா, இரைச்சல் விகிதம் 3-ஐ ஒட்டி நிற்கிறதா. நம் கோட்டின் அடிப்புள்ளி 0.05 என்பதால் 0.031 அதற்குச் சற்று வெளியே விழுந்திருக்கிறது. அதனாலேயே இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

## படி 8: எழுதுவது

அறிக்கையில் எல்.ஓ.டி. 0.03 (0.003%), எல்.ஓ.க்யூ. 0.10 (0.01%) என்று எழுதி, கூடவே கோட்டின் வீச்சு, புள்ளிகளின் எண்ணிக்கை, σ எது, எத்தனை நாட்கள், உறுதிப்படுத்தலின் ஆறு எண்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். '3.3σ/S முறைப்படி' என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு 0.59 வந்த வழியா 0.094 வந்த வழியா என்று தெரியாது. ஒட்டுறவுக் கெழு 0.996 என்பதைக் கண்டு யாராவது 0.999 எங்கே என்று கேட்டால், வீச்சைச் சுட்டிக்காட்டி எச்ச வரைபடத்தைக் கொடுத்துவிடுங்கள். கெழுவை உயர்த்துவதற்காகக் கோட்டை நீட்ட வேண்டாம்.

தினசரி வேலையில் இந்த 0.10-ஐ எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேவை 0.5-இல்தான். டிடெக்டர் விளக்கு பழசாகும்போதும் பிரிப்புக் குழாய் தேயும்போதும் இரைச்சல் கூடும், பீக் அகலும்; வேலிடேஷன் நாளில் இருந்த எல்லை அப்படியே இருக்காது. அதனால் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் 0.5 கரைசல் ஒன்றை ஊசியேற்றி, இரைச்சல் விகிதம் 10-க்குக் குறையவில்லை என்று பார்ப்பதை சிஸ்டம் சூட்டபிலிட்டியில் சேர்த்துவிடுங்கள். முன்னோட்டத்தில் 50 ஆக இருந்த விகிதம் மாதக்கணக்கில் 40, 30, 20 என்று இறங்குவது அந்தப் பதிவிலேயே தெரியும். 10-ஐத் தொடும் முன்பே விளக்கை மாற்றலாம்.